கபடிப் போட்டிக்கு விளம்பர ஆதரவு கேட்டுக் கடைக்காரருக்கு எழுதும் கடிதம்

கேள்வி: எங்கள் ஊரில் பதிவு பெற்ற கபடிக் கழகம் ஒன்றை நடத்துகிறோம். பொங்கலை ஒட்டி ஜனவரி 17, 18 ஆகிய இரண்டு நாட்களில் மின்னொளிப் போட்டி வைக்கப்போகிறோம். பக்கத்தில் சிமெண்ட், கம்பி விற்கும் பெரிய கடை இருக்கிறது. அதன் உரிமையாளரிடம் ஸ்பான்சர் கேட்டு எப்படிக் கடிதம் எழுதுவது? மாதிரிக் கடிதமும் தந்தால் நல்லது.

பதில்:

கழகத்தின் வரலாற்றிலிருந்து கடிதத்தைத் தொடங்க வேண்டாம். அந்தக் கடையில் யார் வாங்குகிறார்கள், எந்தச் சிமெண்டை வாங்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். சிற்றூர்களில் வீடு கட்டுபவர் பணம் கொடுப்பார். ஆனால் எந்த நிறுவனத்தின் சிமெண்ட், எந்தக் கடையின் கம்பி என்பதைப் பெரும்பாலும் மேஸ்திரிதான் சொல்வார். அந்த மேஸ்திரியும் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் சென்ட்ரிங் வேலை செய்பவர்களும் மாலையில் கபடி பார்க்க வருகிறவர்கள். அவர்களில் பலர் முன்பு ஆடியவர்களாகவும் இருப்பார்கள். அந்தக் கடைக்காரர் தேடும் ஆட்கள் உங்கள் ஆடுகளத்தைச் சுற்றி இரண்டு நாட்கள் நிற்கப்போகிறார்கள் என்பதே நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி.

இரண்டாவது செய்தி போட்டியின் காலம். மார்கழியில் நம் ஊர்களில் மனை பூஜையோ புதுமனை புகுவிழாவோ பெரும்பாலும் வைப்பதில்லை. தை பிறந்ததும் புதிய வீடுகளுக்கு வேலை தொடங்கும், கடையில் விற்பனை கூடும். உங்கள் போட்டி தை மாதத்தின் முதல் வாரத்திலேயே வருவதால், வேறு எந்த மாதத்தில் நடத்தினாலும் கிடைக்காத பொருத்தம் அவருக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு வாக்கியம் கடிதத்தில் இருந்தால், எல்லாக் கடைகளுக்கும் ஒரே தாளை நகலெடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டத்தில் நீங்கள் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது தொகை. 'தங்களால் இயன்றதை அளித்து உதவுமாறு' என்று முடியும் கடிதத்துக்கு ஐந்நூறோ ஆயிரமோ கிடைக்கும். நோட்டீஸின் அடியில் முப்பது பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் வரும். பெரிய தொகை வேண்டுமென்றால் அது ஏன் அந்தத் தொகை என்பதைக் கணக்கோடு காட்ட வேண்டும். உங்கள் போட்டி எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஒரு கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

16 அணிகள் வெளியேற்று முறையில் ஆடினால் 15 ஆட்டங்கள் வரும். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்தால் 16. ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடங்கள் வீதம் இரண்டு பாதிகளும் ஐந்து நிமிட இடைவேளையுமாக 45 நிமிடம். அணிகள் மாறும் நேரத்தையும் சேர்த்து 50 நிமிடம் என்று வையுங்கள். நாளுக்கு 8 ஆட்டங்கள் என்றால் 6 மணி 40 நிமிடம் ஆகும். மாலை 3 மணிக்குத் தொடங்கினால் இரவு 9.40க்கு முடியும். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆகவே விடிய விடிய அறிவிப்பு செய்வதாக ஆதரவாளருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

செலவு இப்படி வரும்: நான்கு பரிசுத் தொகைகளுக்கு 55,000, மின்விளக்கு, ஜெனரேட்டர், ஒலிபெருக்கிக்கு 22,000, வீரர்களின் உணவுக்கும் குடிநீருக்கும் 20,000, நடுவர்களின் மதிப்பூதியம் 12,000, கோப்பைகளுக்கு 9,000, ஆடுகளத்துக்கும் கயிற்றுத் தடுப்புக்கும் முதலுதவிக்கும் 6,000, உங்கள் அணியின் 12 சீருடைகளுக்கு 6,000. மொத்தம் 1,30,000 ரூபாய். நுழைவுக் கட்டணமாக அணிக்கு ஆயிரம் வீதம் 16,000, உறுப்பினர் பங்கு 34,000, ஊரில் திரட்டும் சிறு நன்கொடைகள் 30,000 ஆக 80,000 வரும். துண்டு விழுவது 50,000. அதைத்தான் கேட்க வேண்டும், அதையே கேட்க வேண்டும். பேரம் பேசுவார் என்று எண்ணி எழுபத்தைந்து என்று எழுதினால், வணிகர் அந்தக் கூடுதலைக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

பார்வையாளர் எண்ணிக்கையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 'ஆயிரக்கணக்கான ரசிகர்கள்' என்று எழுதுவதைவிட அளந்து எழுதுவது எளிது. ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினால் தடுப்பு 21க்கு 18 மீட்டராகிறது, சுற்றளவு 78 மீட்டர். ஓர் ஆள் நிற்க அரை மீட்டர் என்றால் ஒரு வரிசைக்கு 156 பேர். இறுதி ஆட்டத்தின்போது நாலு வரிசை நிற்கும் என்றால் சுமார் 600 பேர். இந்த எண்ணை எழுதுங்கள். அவர் நேரில் வந்து பார்த்தாலும் நிற்கும்.

பணத்துக்கு ஈடாக என்ன கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான கடிதங்கள் வழுக்குகின்றன. 'தங்கள் நிறுவனத்துக்கு மிகுந்த விளம்பரம் கிடைக்கும்' என்பதை எவராலும் சரிபார்க்க முடியாது. எண்ணிப் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் இடைவேளையிலும் ஒரு முறை என்றால் 32 அறிவிப்புகள். தடுப்புக் கயிற்றில் நான்கு விளம்பரத் துணிகள். இவற்றுக்கு இரும்புச் சட்டம் போடாதீர்கள். தொடும் வேகத்தில் வெளியே பாய்கிற வீரர் அதில் மோதினால் காயம் படும். உயரம் இரண்டரை அடியைத் தாண்டினால் பின்னால் உட்காருகிறவர்களுக்கு ஆட்டம் மறையும். ஊர் இளைஞர்கள் யாராவது யூடியூபில் நேரலை செய்வார்கள் என்றால், கேமரா நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு துணிகளை வையுங்கள். களத்துக்கு வராதவர்களுக்கும் அதுதான் தெரியும்.

சீருடையில் கடையின் பெயரை எங்கே போடுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கபடி விதிப்படி வீரரின் எண் முன்புறம் குறைந்தது 4 அங்குலமும் முதுகில் 6 அங்குலமும் இருக்க வேண்டும். பெயரைப் பெரிதாகப் போட்டு எண்ணைச் சுருக்கினால் நடுவர் ஆட்சேபிப்பார். எனவே மார்பில் எண்ணுக்கு மேலே ஒரு வரி, அவ்வளவுதான். மாவட்டக் கழகம் நடத்தும் போட்டிகளில் விளம்பரச் சீருடைக்கு வேறு கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால், 'ஆண்டு முழுவதும் எல்லாப் போட்டிகளிலும்' என்று எழுதாமல் இந்தப் போட்டிக்கு மட்டும் உறுதி கூறுங்கள்.

சாலையோரப் பதாகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாத பேனர் விழுந்து இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் உயிரிழந்த பிறகு, உயர் நீதிமன்றத்தின் கண்டிப்பால் இதில் கெடுபிடி அதிகம். 'பேருந்து நிலையம் முதல் மைதானம் வரை தங்கள் பெயரில் பேனர்' என்று எழுதினால், அனுமதி வாங்காத பேனரில் முதலில் மாட்டுவது கடையின் பெயர்தான். விளம்பரம் மைதானத்துக்குள் மட்டும் என்று சொல்வதே அவருக்கு நீங்கள் செய்யும் நன்மை.

கடைக்காரர் வாய்விட்டுக் கேட்காத இரண்டு கவலைகள் இருக்கின்றன. கடிதமே அவற்றுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். ஒன்று, அதே தெருவில் இருக்கும் இன்னொரு சிமெண்ட் கடையின் பெயரும் நோட்டீஸில் வந்துவிடுமோ என்பது. கட்டுமானப் பொருள் வணிகத்தில் வேறு யாரிடமும் வாங்கமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்தபின் அந்த இன்னொரு கடைக்காரர் ஐயாயிரத்தோடு வந்தாலும் மறுத்துவிடுங்கள். மற்றொன்று கட்சியும் சாதியும். அவர் எல்லாத் தெருக்காரர்களுக்கும் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் விற்கிறவர். ஒரு தலைவரின் படத்துக்கோ ஒரு சமூகத்தின் கொடிக்கோ கீழே தன் பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார், ஆனால் உங்களிடம் சொல்லத் தயங்குவார். நோட்டீஸிலும் மைதானத்திலும் அப்படி எதுவும் இராது என்று உங்களால் உறுதி தர முடியாவிட்டால், கடிதம் எழுதுமுன் கழகத்துக்குள் அதைப் பேசி முடியுங்கள். பணம் வாங்கியபின் எழும் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

இனி கடிதம். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். செலவுக் கணக்கு தனித்தாளில் இணைப்பாகப் போகட்டும்.

அனுப்புநர்
செயலாளர்,
……… கபடிக் கழகம் (பதிவு எண் ………),
………

பெறுநர்
திரு. ……… அவர்கள்,
உரிமையாளர், ………,
………

நாள்: ………

பொருள்: ஜனவரி 17, 18 மின்னொளிக் கபடிப் போட்டிக்கு முதன்மை விளம்பர ஆதரவாளராக இணைய வேண்டுதல், ரூ. 50,000 – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கழகம் வரும் ஜனவரி 17, 18 ஆகிய நாட்களில் ……… மைதானத்தில் 16 அணிகள் பங்கேற்கும் ஆண்கள் கபடிப் போட்டியை நடத்துகிறது. இரு நாட்களும் மாலை 3 மணி முதல் இரவு 9.40 வரை ஆட்டங்கள் நடைபெறும். இறுதி ஆட்டத்தின்போது சுமார் 600 பேர் களத்தைச் சுற்றி இருப்பார்கள் என மதிப்பிட்டுள்ளோம். இப்போட்டியைக் காண வருபவர்களில் சுற்றுவட்டார மேஸ்திரிகளும் கட்டுமானத் தொழிலாளர்களும் கணிசமானவர்கள். தை மாதத்தில் புதிய வீட்டு வேலைகள் தொடங்கும் வேளையில் தங்கள் கடையின் பெயர் அவர்கள் முன் நிற்பது தங்களுக்குப் பயன்தரும் என்று கருதி, போட்டியின் முதன்மை விளம்பர ஆதரவாளராக இணையுமாறு தங்களை முதலில் அணுகுகிறோம்.

போட்டியின் மொத்தச் செலவு ரூ. 1,30,000. இதில் ரூ. 80,000ஐ நுழைவுக் கட்டணம், உறுப்பினர் பங்கு, சிறு நன்கொடைகள் வழியாகத் திரட்டுகிறோம். மீதமுள்ள ரூ. 50,000ஐத் தங்களிடம் வேண்டுகிறோம். கணக்கு விவரம் இணைக்கப்பட்டுள்ளது.

இதற்கு ஈடாக, நோட்டீஸின் தலைப்பிலும் கழகச் சீருடையின் முன்புறத்திலும் தங்கள் கடையின் பெயர் இடம்பெறும். ஆடுகளத் தடுப்பில் 8 அடிக்கு இரண்டரை அடி அளவில் நான்கு விளம்பரத் துணிகள் வைக்கப்படும். 16 ஆட்டங்களிலும் இரண்டு முறை வீதம் 32 முறை அறிவிப்பு செய்யப்படும். முதல் பரிசைத் தங்கள் கையால் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம். கட்டுமானப் பொருள் வணிகத்தில் வேறு எந்த நிறுவனத்திடமும் ஆதரவு பெறமாட்டோம். மைதானத்திலும் நோட்டீஸிலும் கட்சி அல்லது சாதி சார்ந்த கொடி, படம் எதுவும் இடம்பெறாது.

தொகையைக் கழகத்தின் வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ வழங்கலாம். விளம்பரத்துக்கான ரசீதைக் கழகத்தின் பான் எண்ணுடன் அன்றே அளிப்போம். முழுத் தொகை இயலாதெனில், முதல் பரிசுத் தொகையான ரூ. 25,000ஐ மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். அப்போது பரிசின் பெயரும் இரண்டு விளம்பரத் துணிகளும் தங்களுக்கு உரியனவாக இருக்கும்.

நோட்டீஸ் டிசம்பர் 20 அன்று அச்சுக்குப் போவதால், தங்களுக்கு வசதியான நாளில் நானும் தலைவரும் நேரில் வந்து பேச அனுமதி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், கழக முத்திரை)

இணைப்பு: செலவுக் கணக்கு, பதிவுச் சான்றின் நகல், ஆட்ட அட்டவணை.

கடிதத்தில் 'நன்கொடை' என்று எழுதாமல் 'விளம்பர ஆதரவு' என்று எழுதியிருப்பதற்குக் காரணம் வரிக் கணக்கு. உங்கள் கழகத்துக்கு 80ஜி அங்கீகாரம் இல்லாவிட்டால், நன்கொடை ரசீதைக் கொண்டு அவர் எந்த வரிச் சலுகையும் கோர முடியாது. சங்கப் பதிவு மட்டும் அதற்குப் போதாது. ஆனால் என்ன விளம்பரம் செய்யப்பட்டது என்று குறிப்பிட்ட ரசீது இருந்தால், அதைக் கடையின் விளம்பரச் செலவாகக் கணக்கில் காட்ட வழி உண்டு. அந்தச் செலவும் ரொக்கமாகப் போனால் பயனில்லை. ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த வணிகச் செலவை வருமான வரிச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. தொகை முப்பதாயிரத்தைத் தாண்டுவதால் அவருடைய ஆடிட்டர் அதில் சிறு பகுதியை டி.டி.எஸ். ஆகப் பிடிக்கச் சொல்லவும் கூடும். பான் எண் கொடுக்காவிட்டால் அந்தப் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். செயலாளரின் சொந்த கூகுள் பே எண்ணைக் கொடுத்துப் பணம் வாங்குவது இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் கெடுத்துவிடும்.

ஜி.எஸ்.டி. பக்கமும் ஒன்று உண்டு. கடை ஒருவருக்கே சொந்தமான நிறுவனமாக இருந்து, உங்கள் கழகத்தின் வருமானமும் பதிவு வரம்புக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. அது பங்குதாரர் நிறுவனமாகவோ பிரைவேட் லிமிடெட்டாகவோ இருந்தால், ஸ்பான்சர் தொகைக்கான 18 சதவீத வரியை, அதாவது ஐம்பதாயிரத்துக்கு ஒன்பதாயிரத்தை, எதிர்முறைக் கட்டணமாக அவரே கட்ட வேண்டிவரும். வழக்கமான பதிவில் இருந்தால் அதைப் பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்; விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது, அது சுத்தமான கூடுதல் செலவு. நேரில் பேசும்போது கடை எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடும்படி நீங்களே சொல்லுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் 'தங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து' என்றொரு வரி இருக்கும். அதை வெட்டிவிடுங்கள். அந்தச் சட்டக் கடமை ஐந்து கோடி நிகர லாபம் போன்ற வரம்புகளைத் தொட்ட கம்பெனிகளுக்கு உரியது. விளம்பரப் பயனுக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் தொகை அந்தக் கணக்கில் சேரவும் சேராது. கோல்டு, சில்வர், பிளாட்டினம் என்று அட்டவணை போடுவதும் ஒரே கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தில் பொருந்தாது. யாருக்கோ தயாரித்ததைத் தன்னிடம் நீட்டுகிறார்கள் என்றே அவர் நினைப்பார்.

கடிதத்தை நவம்பர் மூன்றாம் வாரத்தில் கொண்டுபோங்கள். மாத இறுதி நாட்களையும் காலையில் லாரி வந்து சரக்கு இறங்கும் நேரத்தையும் தவிர்த்து, பிற்பகலில் இரண்டு பேர் மட்டும் செல்லுங்கள்; பத்துப் பேராகப் போய் நின்றால் அது வசூலாகத் தெரியும். அவ்வளவு முன்னதாகப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சிமெண்ட், பெயிண்ட் நிறுவனங்களில் சில தங்கள் முகவர்களின் உள்ளூர் விளம்பரத்துக்கு ஒரு பங்கு தருவது உண்டு. கடைக்காரர் உங்கள் கடிதத்தை அந்த நிறுவனத்தின் விற்பனை அலுவலரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவதற்கு இரண்டு, மூன்று வாரங்களாவது வேண்டும். தொகை, நாள், விளம்பர அளவு எல்லாம் கடிதத்தில் திட்டமாக இருந்தால்தான் அவரால் அதை மேலே அனுப்ப முடியும். அப்படி வந்தால் துணியில் நிறுவனத்தின் சின்னமும் சேரும். அதன் மாதிரியை அவர்களே தருவார்கள், நீங்கள் வரைந்து அச்சிட்டுவிடாதீர்கள்.

'பார்க்கலாம்' என்ற பதில் வந்தால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள். அப்போதும் முடிவு சொல்லாவிட்டால் டிசம்பர் 15 அன்று, 'கட்டுமானப் பொருள் வகையை இனி வேறொருவரிடம் கேட்கலாமா' என்று நேராகவே கேளுங்கள். இது மிரட்டலாகிவிடாதா என்று சிலர் தயங்குவார்கள். முதலில் அவரிடம் வந்தோம் என்று எழுதியிருக்கிறோம், நோட்டீஸ் அச்சுத் தேதியும் சொல்லியிருக்கிறோம். கேட்காமல் அடுத்த கடைக்குப் போவதுதான் மரியாதைக் குறைவு.

பணம் வந்தபின் கடிதத்தில் எழுதியவற்றை ஒருவர் பொறுப்பெடுத்துச் சரிபார்க்க வேண்டும். வர்ணனையாளரின் கையில் 32 கட்டங்கள் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, அறிவிக்கும்போதெல்லாம் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் விறுவிறுப்பான ஆட்டத்தில் முதலில் மறப்பது இதைத்தான். போட்டி முடிந்த ஒரு வாரத்துக்குள் அந்தத் தாள், நான்கு துணிகளும் தெரியும் புகைப்படங்கள், நோட்டீஸின் ஒரு பிரதி, உண்மையில் ஆன செலவின் கணக்கு ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு நேரில் கொடுங்கள். விற்பனை அலுவலரிடமிருந்து தன் பங்கை வாங்குவதற்கும் ஆடிட்டரிடம் காட்டுவதற்கும் அவருக்கு அவைதான் தேவைப்படும்.